இரவுச் சோறும் மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சோறு கெட்டுவிட்டதா என்று பார்க்க நம் வீடுகளில் இரண்டு வழிகள் உண்டு. மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்போம். ஊசிய வாடை இல்லையென்றால் சாப்பிடலாம். கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் அடுப்பில் வைத்து நன்றாகச் சூடு காட்டிவிடுவோம். இரண்டும் அம்மாவிடம் கற்றவை, பல சமயங்களில் கைகொடுத்தவை. ஆனால் இரவு முழுவதும் வெளியில் கிடந்த சோற்றில் உருவாகும் ஒரு நஞ்சிடம் இரண்டுமே தோற்றுவிடுகின்றன. அதற்கு வாடை இல்லை. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. சிங்கப்பூருக்கு வந்த முதல் ஆண்டில் நாங்கள் நால்வர், வீவக என்று இங்கே அழைக்கப்படும் அரசு அடுக்குமாடி வீடு ஒன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். சமையலறை எங்களுக்குக் கிடைப்பது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். மறுநாள் மதியத்துக்கும் சேர்த்து அப்போதே சோறு வைத்துவிடுவோம். படுக்கப் போகும்முன் எல்லா மின்சார இணைப்புகளையும் அணைத்துவிட வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட விதி. அதனால் சோற்றுக் குக்கரும் அணைந்துவிடும். காலை ஆறரைக்கு மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்கும். மேல்சோறு ஆறியிருக்கும். கரண்டியை நடுவில் விட்டால் உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். "பரவாயில்லையே, சூடு தாங்கியிருக்கிறது" என்று நாங்கள் மகிழ்ந்ததுண்டு. அந்த வெதுவெதுப்புதான் ஆபத்து என்பது அப்போது தெரியாது.

ஒருநாள் அந்தச் சோற்றில் எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துப் போனோம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டோம். மூன்று மணிக்குள் இருவருக்கு வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. குடல் வெளியே வருவதுபோல் வாந்தி மட்டும். மாலையில் மருத்துவரிடம் போனபோது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, அது எப்போது சமைத்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைத்தான் அவர் அதிகம் கேட்டார். சோற்றை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆகவே அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நேரமும் அறிகுறியும் அப்படியே பொருந்தின.

வேகாமல் தப்பிக்கும் வித்து

பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது. நெல் விளையும் வயலிலிருந்தே அது அரிசியோடு வருகிறது. பொன்னி புழுங்கல், பாஸ்மதி, தாய்லாந்து மல்லிகை அரிசி என்று எதுவும் இதற்கு விலக்கில்லை. சூழ்நிலை சரியில்லாதபோது இந்த நுண்ணுயிர் தன்னைச் சுற்றி ஒரு தடித்த ஓட்டை அமைத்துக்கொண்டு வித்தாக மாறி உறங்கிவிடும். அரிசியைக் கழுவினால் சில வித்துகள் போகும், எல்லாம் போகாது. சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்துவிடும். இந்த வித்துகளில் பல பிழைத்துக்கொள்ளும்.

போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லை, ஈரம் இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது. இனிச் சூடு குறைய வேண்டியதுதான் பாக்கி. சோறு ஆறி ஐம்பது டிகிரிக்குக் கீழே இறங்கும்போது வித்து முளைத்து நுண்ணுயிராகிப் பெருகத் தொடங்குகிறது. அதற்கு மிகவும் பிடித்த வெப்பம் ஏறக்குறைய முப்பது டிகிரி செல்சியஸ். ஊரில் மார்கழி இரவில் முற்றத்துப் பானை குளிர்ந்து கிடக்கும். சிங்கப்பூரில் மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான். இரவிலும் வெப்பம் இருபத்தைந்து டிகிரியை ஒட்டியே நிற்கும், சன்னல் சாத்திய சமையலறையில் அதற்கும் மேல்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். நல்ல வெதுவெதுப்பில் இந்த நுண்ணுயிர் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சோற்றில் 10 இருந்தால் ஐந்து மணி நேரத்தில் 10,000 ஆகிவிடும். எட்டு மணி நேரத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். வித்து முளைக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் உண்மையில் இவ்வளவு சீராக நடக்காது. ஆனாலும் ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டினாலே ஆபத்து என்பார்கள். இரவு பத்து மணிக்கு அணைத்த குக்கருக்கு, காலை ஆறரைக்குள் அந்த எண்ணிக்கையை எட்டப் போதிய அவகாசம் இருக்கிறது.

பெருகும்போது இந்த நுண்ணுயிரின் சில வகைகள் சோற்றிலேயே ஒரு நஞ்சை வெளிவிடுகின்றன. செரியூலைடு என்பது அதன் பெயர். வாந்தியைத் தூண்டுவது இதுதான். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் இது தாக்குப்பிடிக்கும். அப்படியிருக்க, நம் வாணலியும் மைக்ரோவேவ் அடுப்பும் அதை என்ன செய்துவிட முடியும்? சூடாக்கினால் நுண்ணுயிர் சாகும், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். எங்கள் எலுமிச்சைச் சாதத்திலும் இதுவே நடந்திருக்க வேண்டும். தாளித்துக் கிளறியது வீண். எலுமிச்சையின் புளிப்பும் உதவாது, ஏனென்றால் அதைப் பிழிந்தது காலையில். நஞ்சு உருவாகும் நேரம் இரவு.

ஊசிய வாடை, நூல் விடுதல், கொழகொழப்பு இவையெல்லாம் பல கிருமிகள் சேர்ந்து சோற்றை வெகுதூரம் கெடுத்த பிறகு வருபவை. செரியூலைடு அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கலாம். ஆகவே வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாடை வரவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகை வாந்தியைச் சோற்றோடு சேர்த்து மருத்துவ உலகம் முதலில் கவனித்தது 1971இல், பிரிட்டனில். சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்தது. விசாரித்தபோது, வேகவைத்த சோற்றை இரவெல்லாம் வெளியில் வைத்திருந்தது தெரிந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கட்டிப்பட்டு முட்டையோடு வறுக்கச் சிரமமாகும் என்பது சமையற்காரர்களின் கணக்கு.

அடுப்பிலிருந்து குளிர்பெட்டி வரை

குளிர்பெட்டியில் வைப்பதுதான் மருந்து என்று எல்லாருக்கும் தெரியும். தவறு நடப்பது அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில். சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 முதல் 60 டிகிரி வரையுள்ள இடைவெளியை ஆபத்து வெப்பம் என்று குறிப்பிடுகிறது. சூடான சோறு அறுபதுக்கு மேல் இருக்கும்வரை கவலையில்லை. ஐந்துக்குக் கீழே போன பிறகும் கவலையில்லை. நடுவிலுள்ள பாதையை எவ்வளவு விரைவாகக் கடக்கிறோம் என்பதே கேள்வி.

குக்கர் பாத்திரத்திலேயே ஆற விட்டால் மணிக்கணக்கில் ஆகும், ஏனென்றால் சோறு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆழம் இருமடங்கானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். போதாக்குறைக்குக் குக்கர் செய்யப்பட்டதே சூட்டைப் பிடித்துவைக்கத்தான். அந்தப் பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினாலும் நடுச்சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குக்கரின் சிறு குவளையால் இரண்டு குவளை அரிசி வைத்திருக்கிறீர்கள், ஒன்பதரைக்கு வெந்துவிட்டது என்று கொள்வோம். ஏறக்குறைய முக்கால் கிலோ சோறு கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்முன், மறுநாளுக்கானதை முதலில் எடுத்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றால் சாப்பாடு, பேச்சு, ஊருக்குத் தொலைபேசி என்று பதினொன்றரை ஆகிவிடும்.

எடுத்த சோற்றை அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். தாம்பாளம் இல்லையென்றால் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்புவார்களே, அதே வேலைதான். பிளாஸ்டிக்கைவிட உலோகம் சூட்டை விரைவாக வாங்கி வெளியே விடும். கையால் கிளறாமல் சுத்தமான கரண்டியால் பரப்புங்கள். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை புரட்டிவிட்டால் போதும். அரை மணிக்குள் ஆவி நின்று, புறங்கையை வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வந்துவிடும்.

அதன் பிறகு உயரம் குறைந்த டப்பாக்களில், ஒரு வேளைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். டப்பாவில் சோறு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது. லேசான வெதுவெதுப்பு மிச்சமிருந்தாலும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடலாம். சூடான பொருளை வைத்தால் குளிர்பெட்டி கெட்டுவிடும் என்று ஊரில் சொல்லிச் சொல்லி நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் அண்டாவை வைக்கக் கூடாது என்பது சரி. ஒரு வேளைச் சோற்றின் வெதுவெதுப்பை எந்தக் குளிர்பெட்டியும் சமாளிக்கும். முதல் அரை மணிக்கு மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், பிறகு இறுக மூடுங்கள். டப்பாவின்மேல் டப்பா அடுக்காதீர்கள். காற்று சுற்ற இடம் வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம், உட்பக்கம் வையுங்கள். வெந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் முடிய வேண்டும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

பலர் பகிரும் குளிர்பெட்டி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ஆளுக்கொருமுறை கதவைத் திறந்து திறந்து உள்ளே பத்து டிகிரிகூட இருக்கும், யாருக்கும் தெரியாது. சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் உள்ளே வையுங்கள். காலையில் நான்கு டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் குமிழைத் திருப்ப வேண்டும். டப்பாவில் நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். அறைத்தோழர் உங்கள் சோற்றை எடுத்துச் சாப்பிடாமலிருக்கவும் அது உதவும், ஓரளவுக்கு.

எத்தனை நாள் வைக்கலாம்? நான் மறுநாளைத் தாண்ட விடுவதில்லை. மூன்று நாளுக்கு வேண்டுமென்றால் உறைபெட்டிதான் வழி. ஆறிய சோற்றைப் பையில் போட்டுத் தோசைக்கல் கனத்தில் தட்டையாக்கி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் விரைவாக உறையும், விரைவாகச் சூடேறும். ஆனால் உறைய வைப்பதும் நஞ்சை அழிக்காது. இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் உறைபெட்டியில் வைத்துப் பாவம் தீர்க்க முடியாது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்குக் குக்கரின் சூடு காக்கும் விளக்கு இருக்கிறது. அது எரியும்வரை சோறு அறுபது டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். பழைய குக்கர் என்றால் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். காலையில் சோறு காய்ந்து மஞ்சள் பூத்திருக்கும், அது வேறு விஷயம். விளக்கை அணைத்த கணத்திலிருந்து நேரக்கணக்கு தொடங்கிவிடும். இன்னும் எளிய வழி, இரவில் அரிசியை அளந்து உலர்ந்தபடியே வைத்துவிட்டுக் காலையில் நாற்பது நிமிடம் முன்னதாக எழுவது. எனக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லை.

காலை ஏழிலிருந்து மதியம் வரை

இரவில் எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோற்றைக் காலை ஏழுக்கு டப்பாவில் போட்டுப் பையில் வைத்தால், மதியம் பன்னிரண்டரைக்குள் ஐந்தரை மணி நேரம் அது வெளிச்சூட்டில் கிடக்கிறது. இரவில் மிச்சப்படுத்திய நேரத்தைப் பகலில் செலவழித்துவிடுகிறோம்.

அலுவலகத்தில் குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் இருந்தால் கவலையில்லை. சோற்றைக் குளிர்ந்தபடியே, பனிக்கட்டிப் பையோடு எடுத்துப் போய் உடனே உள்ளே வையுங்கள். சாப்பிடும்போது ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி, நடுவில் ஒருமுறை கிளறி, எல்லாப் பக்கமும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். உள்சூடு 75 டிகிரி வர வேண்டும். ஒருமுறை சூடாக்கியதில் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்; மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை என்றால் குளிர்பெட்டி கிடைக்காது. அப்போது சூடாகவே கொண்டுபோக வேண்டும், அதற்கு வாயகன்ற வெந்நீர்க் குடுவை வேண்டும். காலையில் குடுவையில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் சோற்றை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சோற்றைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பாதிக் குடுவை சீக்கிரம் ஆறிவிடும். முதல் முறை ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் கழித்து வெப்பமானி அறுபதுக்குக் கீழே காட்டினால் அந்தக் குடுவை இந்த வேலைக்கு ஆகாது.

விடுதியில் சாப்பாடு பொட்டலமாக வருகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். விடியற்காலையில் வரும் மதியப் பொட்டலம் எப்போது சமைத்தது என்று பாருங்கள். மொத்தமாகச் சமைத்து அனுப்பும் உணவைச் சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். ஐந்து மணிக்குச் சமைத்த சோற்றை ஒரு மணிக்குச் சாப்பிடச் சொல்வது நியாயமில்லை. மதியச் சாப்பாட்டைத் தனியாக, தாமதமாக அனுப்பக் கேளுங்கள். அதுவரை, காலையில் முதலில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு ரொட்டியும் பழமும் வைத்துக்கொள்ளலாம்.

வாந்தி வந்துவிட்டால்

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரே நாளில் அடங்கிவிடும். இதே நுண்ணுயிர் குடலுக்குள் போய் வேறொரு நஞ்சைச் செய்வதும் உண்டு. அப்போது ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரேற்றுப் பொடியை மருந்துக் கடையில் வாங்கி, கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் அதுவும் வெளியே வரும். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை, வாந்தியில் இரத்தம் தெரிகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது. கண் மஞ்சளாவதோ தூக்கக் கலக்கமாகப் பிதற்றுவதோ இருந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். செரியூலைடு அபூர்வமாகக் கல்லீரலைத் தாக்கி உயிரைப் பறித்ததும் உண்டு.

அப்படியானால் பழைய சோறு?

இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "எங்கள் தாத்தா எண்பது வயதுவரை பழைய சோறுதான் சாப்பிட்டார், அவருக்கு என்ன ஆயிற்று?" நியாயமான கேள்வி. தண்ணீர் ஊற்றிய சோறும் குக்கரில் விட்ட சோறும் ஒன்றல்ல. தண்ணீருக்குள் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறிவிட்டால் பேசில்லஸ் சீரியஸால் வளர முடியாது. தண்ணீர் ஊற்றுவதால் சோறு விரைவாக ஆறவும் செய்கிறது.

ஆனால் புளிப்பு ஏறப் பல மணி நேரம் ஆகும். அதுவரை இரண்டும் சேர்ந்தே வளரும், எது முந்தும் என்பது அந்தப் பானையையும் தண்ணீரையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்தது. முந்திக்கொண்டு நஞ்சு உருவாகிவிட்டால் பின்னால் வரும் புளிப்பு அதை அழிக்காது. தாத்தாவின் பானையில் தினமும் நடந்து பழகிய புளிப்பு, இங்கே சவர்க்காரம் போட்டுக் கழுவிய டப்பாவில் அதே வேகத்தில் வரும் என்று நான் நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆசையை விட முடியாதவர்களுக்கு நான் செய்யும் ஏற்பாடு இது. சோற்றைத் தாம்பாளத்தில் ஆற வைத்து, காய்ச்சி ஆறிய குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் எடுத்துக் கையைச் சுத்தமாகக் கழுவிப் பிசைந்து, புளித்த மோரும் உப்பும் சேர்ப்பேன். பானையின் புளிப்பு வராது, மோரின் புளிப்புதான் இருக்கும். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, தேக்காவில் வாங்கிய மோர் மிளகாயை வறுத்துத் தொட்டுக்கொண்டால் முக்கால்வாசி ஊர் வந்துவிடும்.